ஏசுதாஸ் பெயரில் இருந்த வாரண்டி

செம்பூரில் என் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் வாஷிங் மெஷினை விற்கப் போகிறேன் என்றதும், ஆன்லைன் விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான். ‘ஒரிஜினல் பில் உண்டு, பெட்டி உண்டு, மூன்று வருட வாரண்டியை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம்’ என்று தட்டினேன். அந்தக் கடைசி வரிதான் வினையானது.

அவள் கணவர் ஏசுதாஸ் ஆசையாக வாங்கிய மெஷின் அது. போன மார்ச்சில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றை ஆளின் இரண்டு புடவைக்காக அது சுற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றாள்.

வாங்குவதற்கு ஐரோலியிலிருந்து பிரேமலதா என்ற பெண் டெம்போவோடு வந்தாள். பெட்டியிலும் மெஷினிலும் இருந்த சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்துத் திருப்தியானாள். பில்லைக் கண்டதும்தான் முகம் மாறியது. அழிந்துவிடக் கூடாதென்று ஏசுதாஸ் அதைத் தாராவியில் லாமினேஷன் போட்டு வைத்திருந்தார். கடையின் பில் மெஷினில் அச்சாகும் அந்தக் காகிதத்துக்குச் சூடு ஆகாது; லாமினேஷனில் முழுக்கக் கறுத்திருந்தது. நல்ல ஜாக்கிரதை, போங்கள்!

“பில்லு தெரியலன்னா வாரண்டி எப்படிக்கா மாத்துவாங்க? வாரண்டி இல்லாட்டி எனக்கு வேண்டாம்.”

கடைக்குப் போன் செய்தேன். ஏசுதாஸின் நம்பரைச் சொன்னதும் பில்லின் நகலை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து கம்பெனி. பில்லில் பெயர் உள்ளவரே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நம்பருக்கே கூப்பிடுகிறோம் என்றார்கள்.

லூர்தம்மாள் வெளிறிப்போனாள். எனக்குக் காரணம் தெரியும். ஏசுதாஸின் போனை அவள் இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறாள். நாலு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்காகக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “ஏசுதாஸ் சார் இருக்காங்களா?” என்பாள். “அவிய டூட்டிக்குப் போயிருக்காவ” என்பாள் இவள். அந்தப் பெயரைக் கேட்டு வேறு யாரும் கூப்பிடுவதில்லை. போனவரை இன்னும் இருப்பதாகச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம்தான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன் அடித்தது.

“ஏசுதாஸ் சார் இருக்காங்களா?”

வெளியே டெம்போக்காரர் ஹாரன் கொடுத்தார். லூர்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா. அவிய இறந்துட்டாவ. மார்ச் மாசம்.”

போனில் அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தாள். பிறகு, இறப்புச் சான்றிதழையும் மனைவியின் ஆதாரையும் பில் நகலோடு அனுப்பினால் புது ஆள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றாள். அங்கேயே நான் படம் பிடித்து அனுப்பினேன். அரை மணியில் பிரேமலதாவின் போனுக்குச் செய்தி வந்தது. மெஷின் டெம்போவில் ஏறியது.

கம்பெனிப் பெண் சரிபார்க்க மறுபடி கூப்பிட்டாள். “மாத்தியாச்சு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட மாட்டீயதான?”

“இல்ல மேடம். இனி வாங்கினவங்க நம்பருக்குத்தான்.”

“சரிம்மா” என்றாள். போன் துண்டிக்கப்பட்ட பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.