செம்பருத்திக் குச்சியோடு வந்த மாவுப்பூச்சி

அந்தக் குச்சிகளை எனக்குக் கொடுத்தவள் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழி. காஞ்சிபுரத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் குச்சிகளை மாற்றிக்கொள்வோம். அந்த மாதம் அவள் வீட்டில். மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியை ஈரத்துணியில் சுற்றி எல்லோருக்கும் கொடுத்தாள்.

செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்ததும் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். கணுக்களில் நகத்தை ஓட்டினேன். வெள்ளைத்தாளின் மேல் தட்டியும் பார்த்தேன். எதுவும் விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருக்கலாம் என்பதால் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, புது மண்ணில் நட்டு, மற்ற செடிகளிடமிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக வைத்தேன். புதிதாக எது வந்தாலும் மூன்று நான்கு வாரம் அங்கேதான். தண்ணீர் ஊற்றுவதும் கடைசியில்தான்.

இரண்டாவது வாரத்தில் குச்சி நட்ட தொட்டியோரம் எறும்பு ஏறியது. குனிந்து பார்த்தால் துளிர் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. குச்சியைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்தேன். மற்றவர்களையும் எச்சரிக்க வேண்டுமே என்று தோழிக்கு போன் செய்தேன். அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

"அது முன்னாடியே இருந்ததும்மா," என்றாள். "துணியில தொடச்சிட்டுத்தான் குடுத்தேன். சொன்னா யாரு வாங்குவாங்க?"

துடைத்தால் கண்ணில் படுவது போகும். பட்டை இடுக்கில் இருக்கும் முட்டை போகுமா? எல்லோருக்கும் உடனே சொல்லிவிடு என்றேன். சொல்கிறேன் என்றாள். அதை நம்பினேன்.

அடுத்த வாரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் கூட்டத்தில் ஒருவர். வீட்டிலேயே தறி ஓட்டுகிறவர். தறி இருக்கும் அறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு வரிசை சிவப்புச் செம்பருத்தி வளர்த்திருந்தார். காலையில் அந்தப் பூக்களைப் பறித்துக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தறியில் உட்காருவார். தோழி கொடுத்த குச்சிகளை அந்த வரிசையின் நடுவிலேயே நட்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

இலைகளெல்லாம் பிசுபிசுவென்று, அதன்மேல் கரும்பூஞ்சை படிந்திருந்தது. மொட்டுகள் சுருண்டு உதிர்ந்து கிடந்தன. சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். இடுக்குக்குள் போகவில்லை. எறும்பு வேறு குஞ்சுகளைச் செடிவிட்டுச் செடி தூக்கிப் போயிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அக்கா உதிர்ந்த மொட்டு ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

"தெரிஞ்சே குடுத்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் இருவருமாக அந்த வரிசையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். நடுவிலிருந்த மூன்று செடிகள் தேறாது என்று வேரோடு எடுத்தோம். ஒவ்வொரு செடியையும் வெட்டி முடித்ததும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தோம். வெட்டியதையெல்லாம் பையில் கட்டினோம். மீந்த தண்டுகளைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்த மாதக் கூட்டம் என் வீட்டில். தோழி ஒரு கட்டுக் குச்சிகளோடு வந்தாள், ஒன்றும் நடக்காதது போல. வாசலிலேயே வாங்கி, எல்லோர் முன்னாலும் இலையைத் திருப்பினேன். நரம்போரம் வெள்ளை.

"இத்த இங்க பிரிக்காத," என்றேன். "இப்பிடியே எடுத்துக்கினு போ."

ஒரு செடிக்காக இப்படி அவமானப்படுத்துவதா என்றாள். பூச்சி இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டாள். அக்கா எழுந்தார்.

"பூச்சி வர்றது யாருக்கும் வரும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தள்ளி வெச்சிருப்பேன். நீ தொடச்சிக் குடுத்த பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் குச்சிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவேயில்லை. அலுவலகத்தில் எதிரே பார்த்தாலும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

இப்போது பூச்சி கண்ட வீட்டிலிருந்து, அது முழுக்கத் தீரும்வரை, குச்சி வெட்டுவதில்லை. பூச்சி இருக்கிறது என்று சொன்னவரை யாரும் குறைவாகப் பார்ப்பதும் இல்லை. மண்ணோடு எதையும் கொடுப்பதில்லை. அக்காவின் வரிசை துளிர்த்துவிட்டது, மூன்று இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவர் சமாதானமாகிவிட்டதாகச் சொல்கிறார். எனக்கு ஆகவில்லை.