வரியின் கடைசியில் இருந்த குறி

புதுக்கோட்டையில் பள்ளிகளுக்கு அடையாள அட்டை மென்பொருள் செய்யும் சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பொன்னமராவதியிலிருந்து தினமும் பஸ். எனக்கு மேலே ஒரு சீனியர். அவர்மேல் உள்ள ஆத்திரம் இன்னும் தீரவில்லை, மறைப்பானேன்.

ஒரு திங்கட்கிழமை, அட்டைகளைத் தயாரிக்கும் எங்கள் ஸ்கிரிப்டுகள், அதாவது சின்னச் சின்ன நிரல்கள், சர்வரில் ஓட மறுத்தன. முதலாளி கத்தினார். சீனியர் என்னைக் கைகாட்டினார்.

"இந்தப் பொண்ணு தொட்ட ஃபைலுங்க சார். நான் அப்பவே சொன்னேன்."

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா நீங்க வர வேணாம்மா" என்றார் முதலாளி. வீட்டில் என் சம்பளம்தான்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் சர்வர் ஓடும் யூனிக்ஸில் வரி முடிவதற்கு ஒரே குறி. விண்டோஸில் அதற்கு முன்னால் இன்னொன்றும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டை எந்த நிரலைக் கொண்டு ஓட்டுவது என்று அதன் முதல் வரியில் எழுதியிருக்கும்; அந்தப் பெயரோடு இந்தக் குறியும் ஒட்டிக்கொண்டால், சர்வருக்கு அப்படி ஒரு நிரலே கிடைக்காது. நான் வேலை செய்வது லினக்ஸில்; அதுவும் யூனிக்ஸ் வகைதான். விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தது சீனியர் மட்டும்தான்.

அந்தக் குறிதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னேன். கேட்டதும் சீனியர், "நகருங்க, மொத்த ஃபோல்டரையும் நானே மாத்திடுறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல பெயரை அவரே வாங்கிக்கொள்ள.

அதே ஃபோல்டரில் மாணவர்களின் படங்களும் இருந்தன. எழுத்து ஃபைல் எது, படம் எது என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் அந்தக் குறியை நீக்கும் கட்டளையை அவர் அடிப்பதைப் பார்த்தேன். அவையெல்லாம் பிஎன்ஜி வகைப் படங்கள்; அந்த வகையின் தொடக்கத்திலேயே அந்த இரண்டு குறிகளும் அடுத்தடுத்து உண்டு. ஒன்றை எடுத்தால் படம் திறக்காது. தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. காலையிலேயே ஃபோல்டரை என் கணினியில் நகல் எடுத்து வைத்திருந்தேன்.

ஸ்கிரிப்டுகள் ஓடின. அட்டைகளில் ஒரு முகம்கூட வரவில்லை. அவர் முகத்தில் வேர்த்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"படமெல்லாம் போச்சா?" முதலாளியின் குரல் உடைந்தது.

"எங்கிட்ட இருக்கு சார். இங்கிட்டு வாங்க" என்றேன்.

என் நகலில், படங்கள் போன்ற எழுத்தல்லாத ஃபைல்களை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் குறி உள்ள எழுத்து ஃபைல்களை மட்டும் தேடினேன். பதினொன்று. அவற்றை மட்டும் மாற்றினால் போதும். படங்களை யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் உடனே மாற்றவில்லை. கடைசியாகத் திருத்தியவர் தன் பெயரை ஃபைலின் இரண்டாவது வரியில் எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம்.

"அண்ணே, ஒவ்வொண்ணா தொறந்து ரெண்டாவது வரியில இருக்க பேரை சத்தமா வாசிங்க" என்றேன் சீனியரிடம்.

முதல் ஃபைலில் அவர் பெயர். இரண்டாவதிலும். நான்காவதில் குரல் கம்மியது. "போதும்மா, புரிஞ்சிருச்சு" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னும் ஏழு இருக்கு சார்" என்றேன். பதினொன்றையும் வாசிக்க வைத்த பிறகுதான் மாற்றிக் கொடுத்தேன்.