இரண்டு மில்லிமீட்டர் மேடு

அண்ணன் அனுப்பியது ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். அவர் போகிற சித்தூர் சைக்கிள் குழுவில் அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை போகப்போகும் பாதையின் ஏற்ற இறக்கப் படத்தை ஒருவர் வாட்ஸப்பில் போடுவார், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்த முறை பங்காருபாளையம் தாண்டி ஒரு மலைக்கோவில். போக முப்பது கிலோமீட்டர்.

அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகவில்லை. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நூறு வாட்டுக்கு மேல் உழைக்கக் கூடாது என்று டாக்டர் எல்லை போட்டிருந்தார். எங்கள் வீட்டில் கணக்குப் பிள்ளை நான். திருப்பதியில் குடியிருந்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவன். அதனால் படம் எனக்கு வந்தது, பின்னாலேயே போனும் வந்தது.

"கீழ முன்னூறு மீட்டரு, மேல அறுநூத்தி எழுவது. முப்பது கிலோமீட்டர்ல முன்னூத்தி எழுவது மீட்டர் ஏர்றோம். ஒண்ணே கால் பெர்சென்ட்டு கூட வர்ல. இத்தப் போயி மேடுன்னு சொல்வியா நீ?"

வகுத்தல் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். மாந்தோப்புகளுக்கு நடுவே தட்டையாகப் போகிற சாலையையும் மலையையும் ஒன்றாகப் போட்டு வகுத்தால் எந்த மலையும் சமவெளிதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்தாறாவது கிலோமீட்டர் வரை கோடு படுத்துக்கிடந்தது. அதுவரை ஏறியது நூற்று முப்பது மீட்டர். பாக்கி இருநூற்று நாற்பதும் கடைசி நான்கு கிலோமீட்டரில். அங்கே சராசரி ஆறு சதவீதம். அதற்குள்ளும் ஒரு இடத்தில் கோடு நிமிர்ந்து நின்றது. படத்தைப் பழையபடி சுருக்கி ஸ்கேல் வைத்து அளந்தேன். போனில் இரண்டு மில்லிமீட்டர் அகலம், அதாவது ஒரு கிலோமீட்டர். அதில் நூறு மீட்டர் ஏற்றம். பத்து சதவீதம்.

என் ஸ்கேல் அரை மில்லிமீட்டர் தவறினால் அது எட்டாகவும் இருக்கலாம், பதின்மூன்றாகவும் இருக்கலாம். பாதையின் ஜிபிஎஸ் ஃபைல் இருந்தால் விரலை வைத்த இடத்தில் எண் வரும். ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கினால் கோடுதான் மங்குகிறது.

பத்து என்றே வைத்தேன். அண்ணன் எழுபத்தாறு கிலோ, சைக்கிள் பதினான்கு. மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் சைக்கிள் தள்ளாடும். அந்த வேகத்தில் தொண்ணூறு கிலோவை அந்த மேட்டில் ஏற்றவே நூற்றிருபது வாட்டுக்கு மேல் வேண்டும். மெதுவாகப் போய்த் தப்பிக்க வழியே இல்லை.

"போவாதண்ணா," என்றேன். "போயே ஆவணும்னா அந்த ஒரு கிலோமீட்டரு எறங்கித் தள்ளிக்கினு போ."

"சரி, தள்றேன். போதுமா?"

அண்ணி போனை வாங்கினார். "நீங்க சொன்னா கேப்பாரு தம்பி." அண்ணியின் இந்த நம்பிக்கைக்கு இதுவரை எந்த ஆதாரமும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட். அண்ணன் தன் லைவ் லொகேஷனை அனுப்பிவிட்டுக் கிளம்பியிருந்தார். வேலைக்கு நடுவில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பங்காருபாளையம் தாண்டியது, மலை அடிவாரம் வந்தது, வேகம் குறைந்தது. செங்குத்தான இடமும் வந்தது.

அந்த மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போவார். புள்ளி நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுத்தேன், ஐந்தரை வந்தது. இறங்கவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் காலைத் தரையில் ஊன்ற மனம் வரவில்லை போலிருக்கிறது. நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து என்று என் மூளை அதுபாட்டுக்கு வாட் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.

புள்ளி நின்றது.

போனை யார் எடுத்தார்கள் என்று முதலில் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா, வலிக்குதா?"

"இல்ல."

"எங்க கீற?"

"கல்லு. மேல. குந்திக்கினு."

"கூட யாருனா கீறாங்களா?"

மறுபடி மூச்சுதான். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டால் அவர் மட்டும் என்ன செய்வார்?

மூச்சு சீரானதும் குரல் வந்தது. "பர்வாலேதுடா. தண்ணி குட்ச்சிட்டேன். பின்னாடி ரெண்டு பேர் தள்ளிக்கினு வர்றாங்க, அவங்களோட போறேன்."

மதியம் வீடு சேர்ந்தார். நடந்ததை அறிந்ததும் அண்ணி என்னிடம் பேசவில்லை; அவரிடமும் பேசவில்லை என்று கேள்வி.

புதன்கிழமை இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வேறு மலை. கீழே ஒரு வரி: "இதுல எந்த எடத்துல உயிரு போவும், பாத்து சொல்லு."

போகலாமா என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் அனுப்பாமல் விட்டால் தெரியாமலே ஏறுவார். ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்தேன்.