சாளைக்கு முந்தின வாரம்

வசந்தாமணியைப் பற்றிச் சேந்தமங்கலம் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான் வரும்: நல்லவள், ஆனால் வாய்தான் ஆகாது. பேசியவர்களில் ஒருவரும் அவள் எப்போது கத்துகிறாள் என்று யோசித்ததில்லை. ஊர் வாய்க்கு அந்த வேலை எதற்கு?

கணவன் செல்லமுத்து லாரி டிரைவர். பம்பாய், கல்கத்தா என்று போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டில் அவளும் ஒன்பது வயது மகள் சௌந்திரமும்தான். ஒருநாள் காலையில் குழந்தை பால் சொம்பைக் கொட்டிவிட்டது. கொட்டியது அரை ஆழாக்குப் பால். வசந்தாமணி வீசிய கரண்டி கதவு நிலையில் பட்டுத் தெறித்தது. அந்த நேரம் பார்த்து செல்லமுத்துவின் அக்காள் ராமாத்தாள் வாசலில் வந்து நின்றாள். குழந்தை கொஞ்ச நாள் நாமக்கல்லில் என்னிடம் இருக்கட்டும் என்று கையோடு கூட்டிப்போனாள். அந்தக் கொஞ்ச நாள் அரை வருசமாகியும் முடியவில்லை.

மாதாமாதம் தூரமானால் வசந்தாமணி மூன்று நாள் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னாலிருக்கும் சாளைக் குடிசையில் உட்கார வேண்டும். அடுத்த வீட்டுக் கந்தம்மாள் சோற்றைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் சண்டை போட்டுவிட்டுப் போய் உட்காருகிறாள் என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டதும் அதே கந்தம்மாள்தான். சாளைக்குள் உட்கார்ந்த மறுநாளே வசந்தாமணிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியாது. யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைத்து நினைத்து அழுவாள். மன்னிப்புக் கேட்கலாமென்றால் கிட்டே வர ஆள் இல்லை. வெளியே வரும்போது எல்லோரும் மறந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு மாதம், ஊர் ஊராக வரும் அரசாங்க நர்சம்மா சாளையை எட்டிப் பார்த்தாள். தீட்டு என்று ஒதுங்காமல் வாசலிலேயே உட்கார்ந்தாள். வசந்தாமணி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று கேட்டாள்.

நர்சம்மா சிரிக்கவில்லை. எரிச்சல் எப்போது தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று கேட்டாள். வசந்தாமணி அதைக் கணக்கு வைத்ததில்லை. "ரெண்டு மூணு மாசம் பாத்து வைங்க. தூரமாவறதுக்கு முந்தி வந்து, ஆனதும் அடங்குச்சுன்னா அது ஒடம்பு பண்ற வேல. பல பேருக்கு இருக்குது. தாங்கவே முடியலீன்னா டாக்டர்கிட்டக் கூட்டிப்போறேன்," என்றாள்.

அடுப்படிச் சுவரில் அவள் தினம் ஒரு கோடு போட்டாள். சாதாரண நாளுக்குச் சுண்ணாம்புக் கோடு, எரிச்சலான நாளுக்குக் கரிக்கோடு, சாளைக்குப் போன நாளுக்குப் பொட்டு. மூன்றாவது மாதம் சுவரை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். கரிக்கோடெல்லாம் பொட்டுக்கு முந்தின வாரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பொட்டுக்குப் பிறகு சுண்ணாம்புதான். குழந்தை போனது எந்த வாரமென்று பின்னோக்கி விரல் விட்டு எண்ணினாள். அதுவும் பொட்டுக்கு முந்தின வாரம்தான் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த வாரத்தில் என்ன செய்யலாமென்று நர்சம்மாவும் அவளும் பேசிக்கொண்டார்கள். வேளைக்குச் சாப்பிடாமல் காபியிலேயே பொழுதை ஓட்டுவதை நிறுத்தினாள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தாள். நேரத்தோடு படுத்தாள். நெல் அவிப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாள். தலைக்குள் சுருசுருவென்று ஏறினால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டு மலையடிவரை நடந்தாள். எரிச்சல் போய்விடவில்லை, வாயைத் தாண்டுவது குறைந்தது. ஆனால் இதைக் கண்டு சொல்ல வீட்டில் ஒரு உயிர் இல்லை.

மாரியம்மன் நோம்பிக்கு ராமாத்தாள் சௌந்திரத்தைக் கூட்டிவந்தாள். சுவரைப் பார்த்தாள் வசந்தாமணி. நேற்றே கரிக்கோடு தொடங்கியிருந்தது. வாராது வந்த குழந்தையிடம் ஒரு சுடுசொல் விழுந்தாலும் போச்சு, ராமாத்தாள் இனி அனுப்பமாட்டாள்.

குழந்தை கதவோரமே நின்றது. மத்தியானம் தண்ணி எடுக்கப் போய்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டது. வசந்தாமணிக்கு வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். மூச்சு அடங்கித் திரும்பியபோது சௌந்திரம் அதே ஈரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ராமாத்தாள் குழந்தையோடு கிளம்பப் பையைத் தூக்கித் தோளில் மாட்டியாயிற்று.

வசந்தாமணி குழந்தைக்குச் சுவரைக் காட்டினாள். "இந்தக் கருப்புக் கோடு இருக்கற நாள்ல அம்மாளுக்கு எரிச்சலா வரும் சாமி. அது ஒடம்புக்கு வாறது. உன்மேல இல்ல. கரண்டி எறிஞ்ச அன்னிக்கும் கருப்புக் கோட்டு நாள்தான்."

குழந்தை கரிக்கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டது.

"அப்ப நாங் கெட்ட புள்ளன்னு அத்தையோட அனுப்பலியா?"

ராமாத்தாள் பையை இறக்கிக் கீழே வைத்தாள். வசந்தாமணி இல்லையென்று தலையை ஆட்டினாள். அரை வருசமாகத் தான் மட்டும்தான் தனியாக அழுதோம் என்று நினைத்திருந்தாள்.