சிலாஸ் எழுதிய பதில்

அரசு ஆலையில் எஞ்சினியர்கள் தடுக்கி விழுந்தால் தென்பட்டார்கள். அவர்களிடையே தனித்துத் தெரிய வேண்டும் என்று, திருமுல்கேரி சிலாஸ் மூன்று வருடம் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்துத் தேறினார். அன்றுமுதல் காண்ட்ராக்ட் தகராறுக் காகிதமெல்லாம் அவர் மேஜையில்தான் வந்து விழுந்தது. பட்டறைப் பக்கம் எட்டிப்பார்க்கவும் நேரமில்லை.

1978இல் பதவி உயர்வு கேட்டார். பட்டறை அனுபவம் போதாது என்றார்கள். சரிதான் போங்கள் என்று, காலியாயிருந்த சட்ட அதிகாரி வேலைக்கு மனுப் போட்டார். ஐந்து வருடமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டுமாம். முழுநேரச் சம்பளக்காரர் வக்கீலாகப் பதிவு செய்யவே முடியாதே! விதிவிலக்குக் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்.

மறுவாரம் பர்சனல் ஆபீசர் புருஷோத்தமன் ஒரு ஃபைலோடு வந்தார்.

"இதை மறுத்து ஒரு பதில் எழுதணும் சார். கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கணும்."

சிலாஸ் பிரித்துப் பார்த்தார். "இது என்னோட மனு சார்."

"ஹவ்," என்று உள்ளூர் உருதுவில் ஆமாம் போட்டார் புருஷோத்தமன். "தெரியும். இங்க சட்டம் தெரிஞ்சவர் வேற யாரு இருக்கா?"

சிலாஸ் எழுதினார். இரண்டு முறை படித்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு ஓட்டை கிடைக்கவில்லை.