துவாரகாவில் கூப்பிட்டால் மட்டும் வருகிற முகவர்

மதலைமுத்துவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. விமான நிலையச் சரக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவர். அந்த வேலை போனதும் ஆயுள் காப்பீட்டு முகவரானார். மூன்று வருடமாகத் தலைநகரின் துவாரகாப் பகுதி அடுக்ககங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் பிறந்ததும் கிளை மேலாளர் மதன் ஓர் அறிமுகக் குறிப்பை அனுப்பினான், தமிழர் வாட்ஸப் குழுவில் போடுவதற்கு. ‘நூறு சதவீத கிளெய்ம் உத்தரவாதம்! இன்றே சேருங்கள்!’ அதைப் படித்த மதலைமுத்து மொட்டைமாடிக்கும் வீட்டுக்குமாக இரண்டு தரம் நடந்தார். பிறகு அதை அழித்துவிட்டுத் தானே எழுதிக் குழுவில் போட்டார்.

‘உரிமம் பெற்ற முகவர். நீங்கள் பாலிசி எடுத்தால் எனக்குக் கமிஷன் உண்டு. கிளெய்மை முடிவு செய்வது நிறுவனம், நானில்லை. படிவம் நிரப்பவும் அலையவும் கூட வருவேன். கூப்பிட்டால் மட்டும்.’

“இதப் பாத்து எவன் அண்ணே கூப்பிடுவான்?” என்றான் மதன்.

ஆறு நாள் யாரும் கூப்பிடவில்லை. ஏழாம் நாள் கோமளா என்கிற ஆசிரியை கூப்பிட்டார். கணவர் சதாசிவத்துக்குப் பாலிசி வேண்டுமாம். அவர்கள் வீட்டில், கணவரையும் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பும்போது, சர்க்கரை நோய் பற்றிய கேள்வியில் கோமளாவின் பேனா நின்றது.

“மாத்திரைதான் போடுறார். அத விட்டுடலாமே?”

“விட்டா இப்ப ஜல்தியா முடியும்மா. பின்னால அது தெரியவந்தா, கிளெய்ம் நேரத்துல கேள்வி உங்ககிட்டதான் வரும். பதில் சொல்ல சார் இருக்க மாட்டார்.”

“எழுதினா?”

“டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க. பிரீமியம் கூடலாம். தரமாட்டோம்னும் சொல்லலாம். முன்கூட்டி எனக்குத் தெரியாது.”

சதாசிவத்தின் முகம் சுருங்கியது. “எங்க ஆபீஸுக்கு வர்ற ஏஜென்ட் அதெல்லாம் எழுதவே வேண்டாங்கிறார்.”

“அச்சா. அதையே அவரை எழுத்துல தரச் சொல்லுங்க சார். தந்தா அவர்கிட்டயே எடுத்துக்கோங்க.”

படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோமளாவின் எண்ணை எடுப்பார், வைப்பார். ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து அடுத்ததற்கு வெயிலில் நடப்பார். “ஒரு தடவை அவங்களுக்கு போன் தட்டிப் பாருங்கண்ணே,” என்று மதன் தினமும் நச்சரித்தான். அவர் தட்டவில்லை. மார்ச் முடிந்தது. கிளையில் அவருக்கு வைத்திருந்த வருட விற்பனை இலக்கும் கைவிட்டுப் போனது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் சதாசிவமே கூப்பிட்டார். “அந்த ஆபீஸ் ஏஜென்ட்டை ரெண்டு தடவை கேட்டேன். நேர்ல பேசிக்கலாம்னார், எழுதித் தரல. நீங்க வாங்க.”

இம்முறை மாத்திரையின் பெயரைச் சதாசிவம் தன் கையாலேயே எழுதினார். பரிசோதனைக்குப் பிறகு நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டிக் கேட்டது. கணவனும் மனைவியும் ஓரிரவு யோசித்துச் சம்மதித்தார்கள். பாலிசி வந்ததும் மதலைமுத்து சொன்னார்: “நிதானமா படிங்க. முப்பது நாளுக்குள்ள பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுக்கலாம். கொஞ்சம் செலவு பிடிச்சுப்பாங்க. அந்த மனுவையும் நானே எழுதித் தர்றேன்.”

அந்த முப்பது நாளும் போன் அடிக்கும்போதெல்லாம் அவருக்குத் திக்கென்றது. ஆனால் பாலிசியைத் திருப்பித் தருவதாக அவர்கள் கூப்பிடவில்லை. ஜூனில் கோமளாவின் பள்ளியிலிருந்து அமலி என்ற ஆசிரியை பேசினார்.

“கோமளா உங்க நம்பர் குடுத்தா. உள்ளதையெல்லாம் சொல்லிடுவார், கேக்கக் கொஞ்சம் பயமா இருக்கும்னு சொன்னா. பரவால்ல, வாங்க.”

“எப்ப வரட்டும்மா?” என்றார் மதலைமுத்து.