கிளித்தட்டுக்கு இருபத்துமூன்று விதி

ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் எழுதிக்கொடுத்த விளையாட்டு விதிகளை வைத்துக்கொண்டு என்னாலேயே விளையாட முடியவில்லை. இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் காகிதத்தை மழை நனைத்துவிட்டது என்று சொல்லிவந்தேன். மழை நனைக்கவில்லை, நான்தான் அடுப்பில் போட்டேன்.

தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு வாத்தியார். எனக்கு வயது இருபத்துநாலு, மீசை வந்து நாலு வருஷம், தமிழ் உணர்ச்சி வந்து நாலு மாதம். மீசையைவிட உணர்ச்சி அடர்த்தியாக இருந்தது. ஊர்வலம் எங்கே நடந்தாலும் மூன்றாவது வரிசையில் நிற்பேன். முதல் வரிசையில் போலீஸ்காரன் அடிப்பான், கடைசி வரிசையில் நின்றால் யாருக்கும் தெரியாது. மூன்றாவது வரிசை யோசித்துத் தேர்ந்தெடுத்தது.

ஒரு திங்கட்கிழமை பெரிய சாறு, அதாவது தலைமை ஆசிரியர், என்னைக் கூப்பிட்டார். பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். தமிழ்ப் பிரிவின் இரண்டாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம் வீண் என்று போன தடவை எழுதிவைத்துப் போயிருந்தாராம். பிள்ளைகள் கூட்டமாக ஓடுகிறார்கள், எந்த விதியும் தெரியவில்லை. இந்தத் தடவையும் ஒரு விளையாட்டை விதிப்படி விளையாடிக் காட்டாவிட்டால் அந்த அரைமணி நேரம் மலையாளக் கையெழுத்துப் பயிற்சிக்குப் போய்விடும். கூடவே அச்சடித்த மலையாள விதிப்புத்தகம் ஒன்றையும் நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. "நம்ம பிள்ளியளுக்கு நம்ம பாசையில நானே எழுதுதேன் சாறே" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "எழுதும். ஆனா அவுங்க ஓடணும்" என்றார்.

கிளித்தட்டு எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதான். நீளமான ஒரு கட்டம் வரைந்து, நடுவே நெடுக ஒரு கோடு, குறுக்கே ஐந்து கோடு. ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு ஆள் காவல். முதல் கோட்டில் நிற்பது கிளி, அது மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். எதிர்க்கட்சிக்காரர்கள் காவலாளின் கை படாமல் எல்லாக் கட்டத்தையும் தாண்டி வெளியே போய், திரும்பி வரவேண்டும். போய் வெளியேறினவன் உப்பு, இன்னும் வெளியேறாதவன் பச்சை. உப்பும் பச்சையும் ஒரே கட்டத்தில் நின்றால் தப்பு.

இதை நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து இருபத்துமூன்று விதியாக எழுதினேன். ஒரு மலையாள வார்த்தை, ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடையாது. கிளியைக்கூட விட்டுவைக்கவில்லை. "நெடுங்கோட்டில் இயங்கும் முதன்மைக் காப்பாளர்" என்று போட்டேன். சர்க்காரே வந்து படித்தாலும் தலைகுனியும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வகுப்பை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாசித்தேன். பன்னிரண்டாவது விதியில் ஒருவன் தூங்கிவிட்டான். முடித்தவுடன் பிள்ளைகள் எல்லாரும் கையைக் கூப்பி, சேர்ந்து "ஆமென்" என்றார்கள். மிஷன் பள்ளிக்கூடம் பாருங்கள், புரியாத தமிழில் நீளமாக எதையாவது வாசித்தால் அது ஜெபம்தான் என்று பழகியிருந்தார்கள்.

விளையாடிப் பார்த்தபோது இன்னும் மோசம். அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, அமரவிளைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவள், ஏழு வயது, குதிரைக்குட்டி மாதிரி ஓடுவாள். அவள் ஒருத்திதான் எல்லாக் கோட்டையும் தாண்டி வெளியே போய்த் திரும்பி வந்தாள். வருகிற வழியில் மூன்றாவது கட்டத்தில் இன்னொரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. நான் விசில் ஊதி, தப்பு என்றேன்.

"என்னெ ஆரும் தொடலியே சாறே" என்றாள்.

"நீ உப்பாக்கும் மக்கா. அவ பச்சை. ரெண்டும் ஒண்ணா நிக்கப்படாது."

அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். "எப்பிடித் தெரியும்? ரெண்டுபேரும் ஒரேபோலத்தானே இருக்கோம்."

"நீ ஒருதடவ வெளிய போயிட்டு வந்தேல்லா."

"அது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

விதி பதினேழைத் திரும்ப வாசித்தேன். அவள் கோட்டைவிட்டு வெளியே போய், மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. கொஞ்சினேன், வரவில்லை. அதட்டினேன்.

"விதியெ நேராக்குங்க, வாறேன்" என்றாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் களத்தில் விசிலோடு நான் மட்டும் நின்றேன்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் இதையெல்லாம் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிரிக்காமல் கேலி செய்கிறவர். சாயந்திரம் என் காகிதத்தை வாங்கி முழுதும் படித்தார்.

"நல்லாயிருக்கு. இத ஆருக்கு எழுதினீரு?"

"பிள்ளியளுக்கு."

"இல்ல. இன்ஸ்பெக்டருக்கு எழுதியிருக்கீரு. அவருக்க மூஞ்சீல அடிக்கணும்ணு எழுதினதாக்கும் இது. பிள்ளியளுக்கு எழுதும்."

மறுநாள் முதல் டீச்சர் ஒரு வழி சொன்னார். ஒரு விதியை ஒரே வாக்கியமாகச் சொல்லவேண்டும். அந்தப் பெண்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு உடனே செய்யவேண்டும். புரிந்ததா என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையை ஆட்டும். "வாயி ஆமான்னு சொல்லும், அத நம்பப்பிடாது. காலெப் பாரும். காலு நிண்ணா வாக்கியம் பிழையாக்கும்."

அந்தக் கால் என் வாக்கியங்களில் நின்றுகொண்டே இருந்தது. "காவலாள் தன் கோட்டைவிட்டு விலகக்கூடாது" என்றேன். கால் நின்றது. விலகாமல் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. "உன் கால் ரெண்டும் வெள்ளைக் கோட்டுமேல நடக்கணும்" என்றேன், நடந்தாள். செய்யாதே என்று இருந்ததையெல்லாம் செய் என்று மாற்றினேன். கடைசியில் நடப்பதை முதலில் எழுதியிருந்தேன், அதை நடக்கிற வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஐந்து குறுக்குக் கோட்டை மூன்றாக்கினேன், கட்சிக்கு மூன்று பேர். சின்னச் சின்னதாக நாலு களம் சாம்பலால் போட்டேன், யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. முதன்மைக் காப்பாளர் மறுபடி கிளியானார். நான் விரட்டியிருந்த அவுட்டும் பிள்ளைகள் வாயில் அவுட்டாகவே திரும்பி வந்தது.

மிச்சமிருந்தது உப்பும் பச்சையும். அந்த விதியையே எடுத்துவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது வேணும். அதிலதான் ரசம் உண்டு. ஆனா கண்ணுல தெரியணும்."

கண்ணில் தெரிவதற்குப் பலாமரம் இருந்தது. களத்தின் அந்தக் கடைசியில் பலா இலையைக் குவித்துவைத்தோம். வெளியே போகிறவள் ஒரு இலையை எடுத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஆறு விதி ஆயிற்று. கிளி மூணுதடவ கைதட்டும், பின்ன ஓடு. காவலாளுக்கக் கால் வெள்ளைமேல. உன்னெத் தொட்டா ரெண்டு கட்சியும் எடம் மாறும். அந்தக் கடைசிக்குப் போனா ஒரு இலை எடு. இலை உள்ளவளும் இல்லாதவளும் வேற வேற கட்டத்துல நில்லு. இலையோட பொறப்பட்ட எடத்துக்கு வந்து உப்புன்னு விளி.

ஐந்தே நாளில் நாலு களத்திலும் நான் இல்லாமலே விளையாட்டு நடந்தது. பிள்ளைகள் தாங்களாகவே சண்டை போட்டு, தாங்களாகவே தீர்த்துக்கொண்டார்கள். விசில் பையிலேயே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கையில் அந்த விதிப்புத்தகம் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இலை எதற்கு என்று மலையாளத்தில் என்னிடம் கேட்டார்: "இலை எந்தினா? புஸ்தகத்தில் இலை இல்லல்லோ."

சொல்வதற்கு என் மனதில் ஒரு பிரசங்கமே இருந்தது. ஊர்வலத்தில் கேட்ட வசனங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தால் "சாறே" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"இலையெல்லாம் பெறக்கி எடுக்கூ" என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குனியவில்லை. அவர் மறுபடி சொன்னார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் நேராக அந்தப் பெண்பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினார். அவள் இலையைப் பின்னால் மறைத்தாள்.

"தரமாட்டேன். இது விதியாக்கும்."

"ஆரு பறஞ்ஞு?"

"நாங்க உண்டாக்கினது. இலை இல்லாம ஆரு உப்பு, ஆரு பச்சைன்னு நீங்க சொல்லுங்க. சரியாச் சொன்னா தாறேன்."

பெரிய சாறு கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கோ ரோஷம் வந்துவிட்டது. சரி, இலை இல்லாமல் ஓடுங்கள், நான் சொல்கிறேன் என்றார். அவள் இலையைத் தரையில் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனாள்.

கிளி மூன்றுதரம் கைதட்டியது. மூன்று பேரும் ஓடினார்கள், அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். போனார்கள், வந்தார்கள், குறுக்கே தாவினார்கள். ஒரு கட்டத்தில் அவளும் இன்னொருத்தியும் சேர்ந்து நின்றவுடன், "தெற்று", அதாவது தப்பு, என்று கையைத் தூக்கினார்.

"இல்ல. ரெண்டுபேரும் உப்பு" என்றாள்.

அவர், கோட்டில் காவல் நின்ற எதிர்க்கட்சிப் பிள்ளையைப் பார்த்தார். தோற்கப்போகிற கட்சி, பொய் சொன்னால் அவர்களுக்குத்தான் லாபம். அந்தப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, ரெண்டும் அங்கப் போயிட்டு வந்ததாக்கும். நீங்க பாக்கல்ல" என்றது.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். அவளே போய்க் கல்லை எடுத்து, இலையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி கட்டத்துக்குள் நின்றாள். அவர் நோட்டில் என்னவோ எழுதினார். விளையாட்டு நேரம் இரண்டாம் வகுப்புக்கே இருக்கட்டும் என்றுதான் எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. பிறகு கோடு கிழித்தவர்கள் தாலுகாக்களைப் பிரித்தார்கள், விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். அந்த அரைமணி நேரத்தை மட்டும் யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை.

அன்று சாயந்திரம் பாறசாலைச் சந்தைப் பக்கத்து டீக்கடையில், சர்க்காரின் உத்தரவை நான் எப்படி நேருக்கு நேர் மறுத்தேன் என்று நாலு பேருக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இன்ஸ்பெக்டர் ஒரு சாண் உயர்ந்தார். மறுநாள் காலையில் அது டீச்சர் காதுக்கும் போயிருந்தது. அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"எதுத்தது அந்தப் பிள்ளையாக்கும். நீரு கையெக் கெட்டிட்டு நிண்ணீரு. அது போராட்டம்ணா எங்க வீட்டுத் தூணும் தியாகிதான்."